விளம்பரத்துக்குக் காசு குடுத்தது ஆர்?

"எந்த ஆப்பில தேடினா வேலை கெதியா கிடைக்கும்?" எங்கட கூட்டத்தில அடிக்கடி வாற கேள்வி இது. நாங்கள் லிங்கநகரிலயும் அதைச் சுத்தியும் இருக்கிற நாலைஞ்சு பேர். கலைப்பீடத்தில படிப்பு முடியிற கட்டத்தில நிக்கிறம். அனுபவம் எண்டு எழுத எங்களிட்ட ரியூஷன் குடுத்ததும், தேர்தல் காலத்தில கணக்கெடுக்கப் போனதும்தான் இருக்கு. ஆளுக்கு ஒரு ஆப்பைப் பிடிச்சுக்கொண்டு "இதுதான் நல்லது" எண்டு வாதாடிக்கொண்டிருந்தம். பிறகு எல்லாத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தபோது, கேள்வியே வேற எண்டு விளங்கிச்சு. ஒரு விளம்பரத்தைப் பாத்தவுடன கேக்க வேண்டியது ரெண்டு விசயம்: இதைப் போடுறதுக்குக் காசு குடுத்தது ஆர்? இது பொய்யெண்டா ஆரைப் போய்ப் பிடிக்கலாம்?

விளம்பரம் உண்மையா, அலேர்ட் ஒழுங்கா வருதா, கள்ள வேலையிலயிருந்து பாதுகாப்பு இருக்கா எண்ட மூண்டுக்கும் விடை இந்த ரெண்டு கேள்விக்குள்ளதான் இருக்கு. இலங்கையில எங்களைப்போல ஆக்கள் கூட பாவிக்கிற மூண்டு இடங்களை இந்த அளவுகோலால அளந்து பாப்பம்.

டொப்ஜொப்ஸ்: உண்மை இருக்கு, ஆனா படத்துக்குள்ள

topjobs.lk இல வேலை போடுற நிறுவனம் அதுக்குக் காசு கட்ட வேணும். வேலை தேடுற எங்களுக்கு இலவசம். இந்த ஒரு விசயமே பாதிக் கள்ளரை வாசலிலேயே நிப்பாட்டிப்போடும். நூறு பேரை ஏமாத்தி ஆளுக்கு நாலாயிரம் எடுக்க நினைக்கிறவன், தன்ர பெயரும் பணம் கட்டின விபரமும் பதிவாகிற இடத்துக்கு இலேசில வரமாட்டான்.

பட்டியலில ஒவ்வொரு வேலைக்கும் ஒரு இலக்கம் இருக்கும். பதவியும் நிறுவனத்தின் பெயரும், விளம்பரம் திறந்த திகதியும் மூடுற திகதியும் இருக்கும். இந்த இலக்கத்தையும் மூடுற திகதியையும் எழுதி வைக்கிற பழக்கம் முக்கியம். ஏன் எண்டு கீழ வரும் கதையில தெரியும்.

இதில இருக்கிற சிக்கல், விளம்பரங்களில கனக்க படமாகத்தான் ஏத்தப்பட்டிருக்கும். வேலை விபரம் இருக்க வேண்டிய இடத்தில Please refer the vacancy எண்டு மட்டும் நிக்கும். பத்திரிகைக்கு வடிவமைச்ச அதே விளம்பரத்தைக் கொண்டுவந்து ஒட்டினமாதிரி. மனிசக் கண்ணுக்குப் பிரச்சினை இல்லை. ஆனா தேடுற பெட்டிக்குப் படத்துக்குள்ள இருக்கிற எழுத்துத் தெரியாது. "திருகோணமலைக் கிளைக்கு, தமிழ் மொழி கட்டாயம்" எண்டு படத்துக்குள்ள பெரிசா எழுதியிருந்தாலும், நீங்கள் Trincomalee எண்டோ Tamil எண்டோ தட்டினா அது வராமப் போகலாம். தலைப்பில இருக்கிற சொல்லுத்தான் அகப்படும்.

அதால இந்தத் தளத்தில எந்த அலேர்ட்டையும் நம்பி இருக்கேலாது. கையாலதான் பாக்க வேணும். ஊர்ப்பெயரை விட்டுட்டுத் தலைப்பில வரக்கூடிய சொற்களைத் தட்டுங்கோ: trainee, intern, assistant, associate, translator. கலைப்பீடக்காரர் எண்டு தனியா ஒரு பகுதி இல்லை. மனிதவளம், வாடிக்கையாளர் சேவை, வங்கி, ஊடகம், கல்வி எண்ட பிரிவுகளை ஒவ்வொண்டாத் திறந்து, படத்தையும் திறந்து பாக்க வேணும். கிழமைக்கு ரெண்டு தரம், அரை மணித்தியாலம் போதும். விளம்பரங்கள் கிழமைக் கணக்கில திறந்து இருக்கிறதால ஒவ்வொரு நாளும் பாக்கத் தேவையில்லை.

உண்மையான விளம்பரம் எண்டதுக்காக அது எங்களுக்கான விளம்பரம் எண்டில்லை. கனக்க வேலை கொழும்பில. trainee எண்டு போட்டிட்டு ஒரு வருச அனுபவம் கேக்கிறதும் இருக்கு. வங்கிகளின் பயிலுனர் வேலைகளுக்குப் பெரும்பாலும் உயர்தரம் போதும், ஆனா வயதெல்லை இருக்கும். பட்டம் முடியட்டும் எண்டு காத்திருந்தா அந்த வயது தாண்டிப்போகும். படத்தில சின்ன எழுத்தில இருக்கிற அந்த வரியைத்தான் முதல்ல வாசிக்க வேணும்.

இக்மன்: ஊர் வேலை இங்கதான், கேள்வியும் கூட கேக்க வேணும்

உப்புவெளியிலயோ நிலாவெளியிலயோ பத்து அறை வைச்சிருக்கிற ஒரு ஹோட்டல்காரர், முன்வாசலில நிக்க ஆங்கிலம் தெரிஞ்ச பிள்ளை ஒண்டு தேடினா கொழும்புத் தளத்துக்குக் காசு கட்டிப் போடமாட்டார். ஒண்டில் தெரிஞ்ச ஆக்களிட்டச் சொல்லுவார், இல்லாட்டி ikman.lk இல போடுவார். வாகனம், காணி, போன் விக்கிற அதே தளத்திலதான் வேலைப் பகுதியும் இருக்கு. மாவட்டத்தால வடிகட்டலாம் எண்டதால, திருகோணமலையில எண்ட வேலையை நேரா எடுத்துத் தாற இடம் எங்களுக்கு இதுதான்.

ஆனா இங்க ஒரு போன் இலக்கமும் கணக்கும் இருந்தா ஆரும் விளம்பரம் போடலாம். தளம் விளம்பரங்களைப் பாத்துத்தான் விடுது, Report எண்ட பொத்தானும் இருக்கு. எண்டாலும் அந்தக் கடை உண்மையில அந்த முகவரியில இருக்கா எண்டு ஒருத்தரும் போய்ப் பாக்கிறதில்லை. அந்த வேலை எங்கட தலையிலதான்.

நாங்கள் போன் எடுத்து மூண்டு விசயம் கேப்பம். முதலாவது, இடம் எங்க, ஆரைச் சந்திக்க வேணும்? "நீங்கள் வாங்கோ, வந்தாப் பிறகு சொல்லுறம்" எண்டா அதோட சரி. ரெண்டாவது, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? "மாசம் ஒண்டரை லட்சம் வரைக்கும் எடுக்கலாம்" எண்டுறது அடிப்படைச் சம்பளம் இல்லை, அது கொமிஷன் கணக்கு. இலங்கையில தனியார் துறைக்கான தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில 27,000 ரூபாயாகவும், 2026 ஜனவரியில 30,000 ரூபாயாகவும் கூட்டப்பட்டது. அதை மனசில வைச்சுக்கொண்டு கேளுங்கோ. மூண்டாவது, ஈபிஎஃப் இருக்கா? ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின்ர சம்பளத்தில 8 வீதம் கழிப்பினம், முதலாளி 12 வீதம் போட வேணும். ஈரிஎஃப் எண்ட நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியா 3 வீதம் கட்ட வேணும். சின்னக் கடைக்காரர் "இல்லைப் பிள்ளை, அதெல்லாம் இங்க குடுக்கிறேல்ல" எண்டு சொல்லலாம். அது சட்டப்படி பிழை, ஆனா அவர் கள்ளனில்லை. கள்ளன் வேற மாதிரி. அவனுக்கு அந்தச் சொல்லே தெரியாது, இல்லாட்டி எல்லாத்துக்கும் "ஓம் ஓம்" எண்டுவான்.

இந்த மூண்டு கேள்வியும் இன்னொரு வகையையும் பிடிச்சுத் தரும். "மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ், அனுபவம் தேவையில்லை, ஏழு நாள் பயிற்சி, சாப்பாடு தங்குமிடம் இலவசம்" எண்டு வரும். போனால் ஒரு மண்டபத்தில கோட்டுப் போட்ட ஒருத்தர் கதைப்பார். முடிவில நீங்கள் ஒரு பொருளைக் காசு குடுத்து வாங்கி, உங்களுக்குக் கீழ ரெண்டு பேரைச் சேக்க வேணும். இது வேலையில்லை, பிரமிட். வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின் கீழ் இலங்கையில தடை. தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்களை மத்திய வங்கி தன்ர இணையத்தளத்தில வெளியிட்டிருக்கு. போறதுக்கு முதல் அந்தப் பெயரைத் தேடிப் பாக்க ரெண்டு நிமிசம் காணும்.

லிங்க்டின்: அலேர்ட் நல்லது, ஆளைப் பாக்க வேணும்

அலேர்ட் எண்டு பாத்தா லிங்க்டின்தான் முன்னுக்கு நிக்குது. வேலையின் பெயரையும் இடத்தையும் குடுத்து ஒருக்காத் தேடி, அந்தத் தேடலையே அலேர்ட்டாக மாத்தலாம். ஒவ்வொரு நாளும் வேணுமா கிழமைக்கு ஒருக்கா வேணுமா, மின்னஞ்சலிலயா போனிலயா எண்டு தெரிவு செய்யலாம். இங்க விளம்பரம் படமில்லை, எழுத்து. அதால Tamil எண்டு தேடினா உள்ளுக்க எழுதியிருக்கிறதும் அகப்படும். மொழிபெயர்ப்பு, உள்ளடக்கம் எழுதுறது, தமிழில கதைக்கிற வாடிக்கையாளர் சேவை எண்ட வேலைகள் எங்களுக்கு இப்பிடித்தான் கண்ணில பட்டது.

ஒரே அலேர்ட்டில எல்லாத்தையும் போட்டா குப்பைதான் வரும். நாங்கள் மூண்டாப் பிரிச்சு வைச்சிருக்கிறம். இடம் இலங்கை, அனுபவ மட்டம் Internship, கிழமைக்கு ஒருக்கா. இடம் இலங்கை, மட்டம் Entry level, ஒவ்வொரு நாளும். மற்றது Tamil எண்ட சொல், இடம் இலங்கை, Remote மட்டும். திருகோணமலை எண்டு இடத்தைக் குடுத்தா மாசக்கணக்கில ஒண்டும் வராமலும் இருக்கும். அதை நம்பிச் சும்மா இருக்கக்கூடாது. வாறதிலயும் Promoted எண்டு இருந்தா அது காசு குடுத்து மேல தள்ளினது. Reposted எண்டு இருந்தா பழசைத் திருப்பிப் போட்டது. புதுசு எது எண்டு அறிய, கடைசி 24 மணித்தியாலம் எண்ட வடிகட்டியைப் போட்டுப் பாக்கலாம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, லிங்க்டினில இலவசமாகவும் வேலை போடலாம் எண்டதை மறக்கக்கூடாது. காசு குடுக்காமலே போடேலும் எண்டா எங்கட முதல் கேள்விக்கு விடை இல்லாமப் போகுது. அதுக்குப் பதிலா இங்க ஆளைப் பாக்கலாம். உங்களுக்கு மெசேஜ் போட்ட ஆளின் பக்கத்தில About this profile எண்டதைத் திறந்தா, அந்தக் கணக்கு எந்த மாசம் எந்த வருசம் திறந்தது எண்டு காட்டும். "பத்து வருசமா மனிதவள முகாமையாளர்" எண்டு எழுதியிருக்கிற கணக்கு போன மாசம் திறந்ததெண்டா விளங்கும்தானே. வேலைத்தள மின்னஞ்சலாலயோ அடையாள ஆவணத்தாலயோ சரிபாக்கப்பட்டதா எண்டதும் அங்க தெரியும். சரிபாக்கப்படாத எல்லாரும் கள்ளர் இல்லை. ஆனா சரிபாக்கப்படாத புதுக் கணக்கு உங்களை வட்ஸ்அப்புக்கு வரச்சொன்னா, அங்கயே நிண்டு யோசிக்க வேணும்.

கள்ளம் ஆப்புக்குள்ள நடக்கிறேல்ல

எல்லாத்தையும் பாத்த பிறகு எங்களுக்குத் தெளிவான விசயம் இது. ஏமாத்து பெரும்பாலும் ஆப்புக்குள்ள நடக்கிறேல்ல. ஆப்பை விட்டு வெளிய வந்த பிறகு, வட்ஸ்அப்பிலயும் டெலிகிராமிலயும்தான் நடக்குது. உண்மையான தளத்தின் நல்ல பெயரைக் கடன் வாங்கிக்கொண்டு வெளிய நிண்டு கூப்பிடுவினம்.

எங்கட கூட்டாளி ஒருத்திக்கு வந்ததைப் படிப்படியாச் சொல்லுறம். அவள் தன்ர சீவியை ஒரு பேஸ்புக் வேலைக் குழுவில, பின்னூட்டத்தில போட்டிருந்தாள். ரெண்டு கிழமைக்குப் பிறகு வட்ஸ்அப்பில, "உங்கள் விண்ணப்பம் தெரிவு செய்யப்பட்டுள்ளது" எண்டு ஒரு பிடிஎஃப் கடிதம். மேல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு நிறுவனத்தின் சின்னம். வீட்டிலிருந்து டேற்றா என்ட்ரி, நாளுக்கு நாலு மணித்தியாலம், சம்பளம் 95,000 ரூபா. வேலைத்தளம் ஒண்டின் விளம்பர இலக்கமும் அதில இருந்தது. பயிற்சிப் பொதிக்கு 4,750 ரூபா கட்ட வேணும், முதல் சம்பளத்தோட திருப்பித் தருவினம். அடையாள அட்டையின் ரெண்டு பக்கமும், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேணும். பின்னேரம் ஐஞ்சு மணிக்கு முதல் எல்லாம் முடிய வேணும்.

வீட்டில அம்மாவுக்கு நல்ல சந்தோசம். கொம்பனிப் பெயரும் தெரிஞ்ச பெயர். 4,750 பெரிய காசுமில்லை. அவள் காசை மாத்த முதல் எங்கட குழுவில கடிதத்தைப் போட்டாள். நாங்கள் நாலு விசயம் பாத்தம்.

முதல்ல விளம்பர இலக்கம். தளத்தில போய் அந்த இலக்கத்தைத் தேடினம். இலக்கம் உண்மை, நிறுவனமும் உண்மை. ஆனா அது கணக்காளர் வேலை, மூடுற திகதியும் போயிற்றுது. உண்மையான விளம்பரத்தின் இலக்கத்தைக் களவெடுத்துக் கடிதத்தில ஒட்டியிருக்கினம். இலக்கம் இருக்கா எண்டு மட்டும் பாத்திருந்தா ஏமாந்திருப்பம். பதவியும் திகதியும் பொருந்துதா எண்டும் பாக்க வேணும்.

ரெண்டாவது மின்னஞ்சல் முகவரி. @ குறிக்குப் பிறகு வாறதைக் கடைசியில இருந்து முன்னுக்கு வாசிக்க வேணும். நிறுவனத்தின் தளம் example.lk எண்டு வைச்சுக்கொள்ளுவம். அப்ப careers.example.lk எண்டு முடிஞ்சா அது அவையளின்ர வீட்டுக்குள்ள ஒரு அறை. ஆனா example-careers.com எண்டா அது பக்கத்தில ஆரோ கட்டின வேற வீடு, பெயர்ப்பலகை மட்டும் ஒரே மாதிரி. இந்தக் கடிதத்தில இருந்தது ரெண்டாவது வகை. அந்த முகவரி எப்ப பதிவானது எண்டதை lookup.icann.org இல ஆரும் பாக்கலாம். பாத்தால் அது பதிவாகி மூண்டு கிழமை. பல வருசம் நடக்கிற கொம்பனிக்கு மூண்டு கிழமை முகவரி. இதே வேலையை .lk முகவரிகளுக்கு domains.lk இல செய்யலாம். .lk எண்டு முடிஞ்சதுக்காக மட்டும் நம்பக்கூடாது, அதை ஆரும் வாங்கலாம். .gov.lk மட்டும் அரச நிறுவனங்களுக்கு.

மூண்டாவது தொலைபேசி. கடிதத்தில இருந்த இலக்கத்துக்கு எடுத்தா கள்ளன்தானே எடுப்பான். நாங்கள் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில இருந்த கொழும்பு நிலையான இலக்கத்துக்கு எடுத்தம். மனிதவளப் பகுதியில இருந்த அக்கா, இப்பிடி ஒரு வேலையே இல்லை எண்டும், ஏற்கெனவே வேற ஆக்களும் கேட்டவை எண்டும் சொன்னா.

நாலாவது வங்கிக் கணக்கு. காசு போடச் சொன்ன கணக்கு நிறுவனத்தின் பெயரில இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில. இந்த ஒண்டே காணும். எந்த ஒழுங்கான நிறுவனமும் வேலைக்கு எடுக்கிற ஆளிட்டக் காசு வாங்கிறதில்லை. அதிலயும் தனி ஆளின் கணக்குக்கு ஒருநாளும் இல்லை.

நாலையும் பாக்க எங்களுக்குச் செண்டது முக்கால் மணித்தியாலம். ஐஞ்சு மணிக் கெடு எதுக்கு வைச்சவங்கள் எண்டு அப்பத்தான் விளங்கிச்சு. இந்த முக்கால் மணித்தியாலத்தைத் தராம விடுறதுக்குத்தான். தொகையைச் சின்னதா வைக்கிறதும் அப்பிடித்தான். நாலாயிரத்துக்காக ஆரும் பொலிசுக்குப் போகமாட்டினம். அதோட அது முதல் படி மட்டும். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணா இதேமாதிரி 3,000 கட்டினவர். அடுத்த நாள் காப்புறுதிக்கு எண்டு 12,000 கேட்டவை. முதல்ல போட்ட காசை விடக்கூடாது எண்ட எண்ணத்திலதான் ரெண்டாவதையும் கட்டினவர்.

டெலிகிராமில வாற "டாஸ்க்" வேலை இதின்ர தம்பி. வீடியோவுக்கு லைக் போட்டால் சில நூறு ரூபா தருவினம், அது உண்மையிலயே கணக்குக்கு வரும். வந்ததை நம்பினாப் பிறகு, கூடத் தாற டாஸ்குக்கு முன்பணம் கேப்பினம். திரையில உங்கட மீதி கூடிக்கொண்டே போகும், ஆனா வெளிய எடுக்கேலாது.

எல்லாத்திலயும் பொல்லாதது, காசே கேக்காத வகை. "உங்கட வங்கிக் கணக்குக்கு வாடிக்கையாளர் காசு வரும், நீங்கள் அதை நாங்கள் சொல்லுற கணக்குக்கு மாத்திவிட்டா 5 வீதம் உங்களுக்கு" எண்டு வேலை குடுப்பினம். வாறது முக்கால்வாசி இன்னொரு ஏமாந்த ஆளின் காசு. பொலிசுக்குப் போற பதிவில கள்ளன்ர பெயர் இருக்காது, கணக்கு வைச்சிருக்கிற பெடியன்ர பெயர்தான் இருக்கும். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்துக்குள்ள மாட்டக்கூடிய விசயம் இது. மற்றதுகளில காசு போகும், இதில வாழ்க்கையே போகும். "எனக்குத் தெரியாது" எண்டதை நிரூபிக்க வருசங்கள் செல்லும்.

அடையாள அட்டைப் படத்தையும் அதால நேர்முகத்துக்கு முதல் ஆருக்கும் அனுப்பிறேல்ல எண்டு முடிவெடுத்திருக்கிறம். கட்டாயம் எண்டா, போட்டோக்கொப்பிக்குக் குறுக்கால நிறுவனத்தின் பெயரையும் திகதியையும் "இந்த விண்ணப்பத்துக்கு மட்டும்" எண்டதையும் பேனையால எழுதிப்போட்டுப் படமெடுக்கிறம். உள்ளூர் வேலைக்குக் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ் கேட்டா, அதை எங்கட கிராம உத்தியோகத்தரிட்டத்தான் எடுக்க வேணும். "நாங்களே எடுத்துத் தாறம், காசைப் போடுங்கோ" எண்டு எந்தக் கொம்பனியும் சொல்லாது.

காசு போட்டிட்டீங்கள் எண்டா, வெக்கப்பட்டு ஒளிக்காம உடன உங்கட வங்கிக்கு எடுங்கோ. காசு மற்றக் கணக்கில இருந்து வெளிய எடுக்கப்படுறதுக்கு முதல் நிப்பாட்டினாத்தான் உண்டு. மெசேஜ்களை அழிக்க வேண்டாம். வங்கிச் சிட்டையோட பொலிசில முறைப்பாடு போடுங்கோ. இணையக் குற்றங்களுக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கமும் இருக்கு.

கடல் தாண்டிய வேலை

வெளிநாட்டு வேலைக்கு அளவுகோல் ஒரு பங்கு கூட இறுக்கம் வேணும். தாய்லாந்தில டேற்றா என்ட்ரி, வாடிக்கையாளர் சேவை, நல்ல சம்பளம் எண்டு சுற்றுலா விசாவில கூட்டிக்கொண்டு போய், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடிப் பக்கம் இருக்கிற இணைய மோசடி முகாம்களில இலங்கைப் பெடியள் அடைக்கப்பட்டது எங்களுக்குத் தெரிஞ்ச கதை. 2024இல இலங்கை அரசாங்கம் மியன்மாரோடயும் தாய்லாந்தோடயும் கதைச்சு அவையளில ஒரு பகுதியினரைக் கட்டம் கட்டமா மீட்டுக் கொண்டுவந்தது. அங்க தேடினது கொம்பியூட்டரும் ஆங்கிலமும் தெரிஞ்ச ஆக்களை. அதாவது எங்களைப்போல ஆக்களை.

இதுக்கு ஆப்பால விடை இல்லை. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால உருவான வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலதான் விடை இருக்கு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற முகவருக்குப் பணியகத்தின் உரிமம் இருக்க வேணும். உரிமம் மட்டும் காணாது, அந்தக் குறிப்பிட்ட நாட்டுக்கு, அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு ஆள் எடுக்கவும் அனுமதி எடுத்திருக்க வேணும். ரெண்டையும் தனித்தனியாக் கேளுங்கோ. உரிமம் உள்ள முகவரின் பெயரைக் கள்ளர் களவெடுக்கிறதும் உண்டு. அதால slbfe.lk இல பட்டியலைப் பாத்து, அங்க இருக்கிற முகவரியோட ஒப்பிட்டு, 1989 எண்ட இலக்கத்துக்கு எடுத்துக் கேக்க வேணும். நேரில கேக்க விரும்பினா பிரதேச செயலகத்தில வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். "முதல்ல சுற்றுலா விசாவில போங்கோ, அங்க போய் மாத்தலாம்" எண்ட வசனம் வந்தா அதுக்கு மேல கதைக்க ஒண்டுமில்லை.

எந்த ஆப்பிலயும் வராதது

எங்கட வீடுகளில இன்னும் வேலை எண்டா அரச வேலைதான். அது இந்த ஆப் ஒண்டிலயும் ஒழுங்கா வராது. வெள்ளிக்கிழமைகளில வாற வர்த்தமானியிலதான் வரும். documents.gov.lk இல தமிழிலயும் இறக்கலாம். பகுதி ஒண்டின் இரண்டு அ பிரிவில பதவி வெற்றிடங்களும் பரீட்சை அறிவித்தல்களும் இருக்கும். அரச வேலை எண்டு வட்ஸ்அப்பில வாற எந்தப் படத்தையும் அந்த வர்த்தமானித் திகதியோட ஒப்பிட்டுப் பாத்தா உண்மை பொய் அதிலயே தெரியும். கிழக்கு மாகாணசபையின் வேலைகள் தனி. அந்த அலுவலகங்கள் எங்கட ஊரிலேயே இருக்கிறதால நேரில போயும் விசாரிக்கலாம்.

இப்ப நாங்கள் வேலையைப் பிரிச்சுக்கொண்டிருக்கிறம். செவ்வாயும் வெள்ளியும் ஒருத்தி டொப்ஜொப்ஸ் படங்களைத் திறந்து பாப்பாள். ஒருத்தன் இக்மனில வாற ஊர் வேலைகளுக்குப் போன் எடுத்து அந்த மூண்டு கேள்வியையும் கேப்பான். லிங்க்டின் அலேர்ட்கள் ரெண்டு பேருக்கு வரும். வர்த்தமானி வெள்ளி இரவு. குழுவில போடேக்க வேலையின் பெயர், விளம்பர இலக்கம், மூடுற திகதி, விண்ணப்பிக்கிற முகவரி நாலும் இருக்க வேணும். நாலில ஒண்டு இல்லாம "மச்சான் நல்ல வேலை, உடன போடு" எண்டு மட்டும் வந்தா அதை ஒருத்தரும் மற்றக் குழுவுக்கு அனுப்பிறேல்ல.